வாராந்த அப்டேட்டில் 'ரிட்டர்ன் பேக்', 'ஃப்ரீ கிஃப்ட்': எதை வெட்டுவது, எதை விடுவது?

மழைக்குடை

எல்லோருக்கும் வணக்கம். நான் கொழும்பில் ஒரு விநியோகக் கொம்பனியில் வேலை செய்கிறேன். பிஸ்கட், பால்மா, சவர்க்காரம் என்று கடைகளுக்குச் சாமான் சேர்ப்பதுதான் எங்கள் தொழில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கள் மெனேஜர் ஆங்கிலத்தில் ஒரு வாராந்த அப்டேட் எழுதுவார். அது தலைமையகத்துக்கும், எங்களிடம் முதலீடு செய்திருக்கும் லண்டன்காரர்களுக்கும் போகும். அனுப்ப முன்னர் ஒரு தடவை திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுப்பார்.

ஒரே பொருளை இரண்டு தடவை சொல்லும் சொற்கள்தான் அதில் பெரிய தொல்லை. போன வாரத்தில் ஒரு பந்தி இது. அந்தச் சொற்களை அப்படியே விட்டு, மற்றதைத் தமிழில் தருகிறேன்:

"இந்த வாரம் புறக்கோட்டைப் பக்கம் 42 கேஸ் பிஸ்கட் ரிட்டர்ன் பேக் ஆனது. த ரீஸன் இஸ் பிகாஸ் பெட்டிகள் மழையில் நனைந்துவிட்டன. ஈச் அண்ட் எவ்ரி கடைக்கும் ஃப்ரீ கிஃப்ட் கொடுத்தோம். அட்வான்ஸ் பிளானிங் செய்து அடுத்த மாதமும் ரிபீட் அகெய்ன் செய்வோம். விலை பற்றி சப்ளையர் ரிவர்ட் பேக் செய்த பிறகுதான் ஃபைனல் அவுட்கம் தெரியும்."

ஒவ்வொரு சோடியிலும் ஒரு சொல்லை வெட்டினால் போதுமா? அல்லது வெட்டக்கூடாத சோடியும் உண்டா? மெனேஜர் நல்ல மனிதர், ஆனால் ஏன் வெட்டினாய் என்று கேட்டால் எனக்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும்.

எக்ஸெல் தம்பி

இதற்குப் பெரிய யோசனை தேவையில்லை அக்கா. வேர்டில் கன்ட்ரோல், எச் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். அப்புறம் இப்படிப் போடுங்கள்:

```
Find what:     back
Replace with:  
```

கீழ்ப் பெட்டியை வெறுமையாக விட்டு Replace All. ரிட்டர்ன் பேக், ரிவர்ட் பேக், ரிப்ளை பேக் எல்லாம் ஒரே அடியில் சரி. 'free gift' என்பதற்கும் அதே மாதிரி 'gift' என்று போட்டுவிடலாம். சோடிகளை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டால் வெள்ளிக்கிழமை வேலை சட்டென்று முடிந்துவிடும்.

கொட்டாஞ்சேனை அக்கா

நனைந்த பிஸ்கட் பெட்டியைக் கடைக்காரர் திருப்பித் தந்தால் நீங்கள் வாங்கித்தான் ஆகவேண்டும் பிள்ளை. எங்கள் தெருவில் ஒரு கடைக்கு நனைந்த பால்மாப் பெட்டியை இறக்கிவிட்டுப் போனார்கள், திருப்பி எடுக்கவே மாட்டோம் என்று நின்றார்கள். கடைசியில் கடைக்காரர்தான் நட்டப்பட்டார். பற்றுச்சீட்டில் கையெழுத்து வைக்க முன்னர் பெட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எல்லாக் கடைக்காரருக்கும் சொல்லுங்கள்.

மழைக்குடை

கொட்டாஞ்சேனை அக்கா, நான் கேட்டது பெட்டியைப் பற்றி இல்லை, அதைப் பற்றி எழுதும் வசனத்தைப் பற்றி. ஆனால் நீங்கள் சொன்னதை எங்கள் சேல்ஸ் ஆட்களிடம் சொல்கிறேன்.

தம்பி, ஒரு பிரதியில் நீ சொன்னபடி செய்து பார்த்தேன். 'backlog' என்று இருந்த இடமெல்லாம் 'log' ஆகிவிட்டது. 'feedback' வெறும் 'feed' ஆக நிற்கிறது. 'sent back' என்பது 'sent' ஆகி, சாமான் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை.

எக்ஸெல் தம்பி

அப்படியானால் Find whole words only என்பதை டிக் பண்ணுங்கள் அக்கா. 'backlog', 'feedback' இரண்டும் தப்பிவிடும். 'sent back' பற்றி நான் யோசிக்கவில்லை, அது உண்மைதான்.

பழைய புரூஃப்

பத்திரிகைக் கந்தோர்களில் நீண்ட காலம் பிழைதிருத்தம் பார்த்தவன் நான். தம்பி சொன்ன தேடல் பயனுள்ளது, ஆனால் கண்டுபிடிக்க மட்டும். மாற்றுவதை ஒவ்வொன்றாக, வசனத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் 'பேக்' எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பது முன்னால் நிற்கும் வினையைப் பொறுத்தது. 'ரிட்டர்ன்' என்ற சொல்லிலேயே திரும்புதல் இருக்கிறது, அதனால் பேக் வேண்டாம். 'சென்ட்' என்பதற்குள் திசை இல்லை, 'கிவ்' என்பதற்குள்ளும் இல்லை. அவற்றுக்குப் பேக் கட்டாயம் வேண்டும். இதை ஒரு பட்டியல் பார்த்துக்கொள்ளாது, ஆள்தான் பார்க்க வேண்டும்.

நம்மவர்களுக்கு இது ஏன் கையில் வருகிறது என்பதும் விளங்கக்கூடியதுதான். தமிழில் 'திருப்பி' தனியாகவும் 'அனுப்பு' தனியாகவும் நிற்கிறது. சிங்களத்திலும் 'ஆபஹு' தனிச்சொல். இரண்டு மொழியிலும் யோசிக்கிறவர் ஆங்கிலத்தில் 'ரிட்டர்ன்' என்று எழுதியதும், திருப்பி என்பதற்கு இன்னும் ஒன்றும் எழுதவில்லையே என்று கை 'பேக்'கைத் தேடுகிறது. கவனக்குறைவு என்று உங்கள் மெனேஜரைச் சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் பந்திக்கு வருவோம். நான் பழகிய சோதனை ஒன்று உண்டு: சந்தேகமான சொல்லின் எதிர்ச்சொல்லை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். முன்கூட்டிய திட்டமிடல் என்றால், நடந்து முடிந்த பிறகு திட்டமிடுதல் என்று ஒன்று உண்டா? இல்லை. 'அட்வான்ஸ்' போகட்டும். ஆனால் 'அட்வான்ஸ் பேமென்ட்' என்று இருந்தால் கை வைக்காதீர்கள், பிந்திக் கட்டும் காசும் உண்டு. 'ஃபைனல் அவுட்கம்' என்பதில் அவுட்கம் போதும். 'ரீஸன் இஸ் பிகாஸ்' என்பதைப் 'பிகாஸ்' ஆகச் சுருக்கி முதல் வசனத்தோடு ஒட்டிவிடுங்கள். 'ரிபீட் அகெய்ன்' என்பதில் 'ரிபீட்' போதும், ஆனால் இது எத்தனையாவது தடவை என்று கேளுங்கள். மூன்றாவது என்றால் 'மூன்றாவது தடவை' என்றே எழுதலாம். லண்டனில் இருப்பவருக்கு அதுதான் தகவல்.

'ரிட்டர்ன் பேக்', 'ஃப்ரீ கிஃப்ட்' இரண்டையும் உடனே வெட்ட வேண்டாம். முதலில் ஸ்டோர்ஸில் கேளுங்கள்.

ஸ்டோர்ஸ்காரன்

பழைய புரூஃப் ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. 'ரிட்டர்ன் பேக்'கைச் சும்மா மிகை என்று சொல்ல என்னால் முடியாது. நான் பேலியகொடைப் பக்கம் ஒரு ஸ்டோர்ஸில் இருக்கிறேன். எங்கள் இடத்தில் கடையிலிருந்து எங்களிடம் வருவது 'ரிட்டர்ன்'. எங்களிடமிருந்து சப்ளையருக்குப் போவது 'ரிட்டர்ன் பேக்'. லொறி ஆட்களும் அப்படித்தான் சொல்வார்கள், கிளார்க்கும் அப்படித்தான் எழுதுவார். 'பேக்'கை வெட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

தங்கச்சி, உங்கள் பந்தியில் 42 கேஸ் என்று இருக்கிறதே, அது உள்ளே வந்ததா, வெளியே போனதா? கடையிலிருந்து வந்தால் அதற்கு ஜி.ஆர்.என். என்ற வரவுத் துண்டு போட்டிருப்பார்கள். சப்ளையருக்குப் போனால் தனித் துண்டு இருக்கும். இரண்டையும் எடுத்து வைத்துப் பாருங்கள்.

எக்ஸெல் தம்பி

அப்படியென்றால் அந்தச் சோடி தப்பே இல்லையே? ஒஃபிஸில் எல்லோருக்கும் விளங்கினால் விட்டுவிட வேண்டியதுதானே.

பழைய புரூஃப்

ஸ்டோர்ஸுக்குள் எழுதும் துண்டு என்றால் விட்டுவிடலாம் தம்பி. இது லண்டனுக்கும் போகிறது. அங்கே வாசிப்பவருக்கு 'ரிட்டர்ன்' என்றாலும் 'ரிட்டர்ன் பேக்' என்றாலும் ஒன்றுதான், இரண்டாவது கொஞ்சம் வழுக்கிய ஆங்கிலமாகத் தெரியும். நீங்கள் வைத்திருக்கும் வேறுபாடு அவரைப் போய்ச் சேராது. ஆகவே 'பேக்'கை எடுத்துவிட்டு, அது சுமந்த செய்தியை வெளிப்படையாக எழுத வேண்டும்: யார், யாருக்கு. 'கடைகள் ஸ்டோர்ஸுக்கு', 'நாங்கள் சப்ளையருக்கு'. ஸ்டோர்ஸ்காரன் கேட்ட கேள்விதான் இங்கே முக்கியம்.

மழைக்குடை

இரண்டு துண்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். ஜி.ஆர்.என். படி கடைகளிலிருந்து ஸ்டோர்ஸுக்கு வந்தது 30 கேஸ். அதில் 12 கேஸை ரத்மலானையிலுள்ள சப்ளையருக்கு அனுப்பியிருக்கிறார்கள். மெனேஜர் 30, 12 இரண்டையும் 'ரிட்டர்ன் பேக்' என்ற ஒரே தலைப்பின் கீழ்க் கூட்டி 42 என்று எழுதிவிட்டார். ஆனால் அந்த 12-உம் முதலில் வந்த 30-க்குள்ளேயே இருக்கின்றன. நனைந்தது 30 கேஸ்தான்.

நான் சும்மா 'பேக்'கை மட்டும் வெட்டியிருந்தால் '42 கேஸ் ரிட்டர்ன் ஆனது' என்று இலக்கணம் சரியான ஒரு வசனம் லண்டனுக்குப் போயிருக்கும். எண் பிழை.

ஸ்டோர்ஸ்காரன்

அதைத்தான் பயந்தேன். இது அடிக்கடி நடக்கும். மிச்சம் 18 கேஸ் எங்கே என்றும் எழுதுங்கள். தலைமையகம் அதைத்தான் அடுத்ததாகக் கேட்கும்.

இன்னொன்று. 'ஃப்ரீ கிஃப்ட்' என்று எழுதியிருக்கிறார். நம் தொழிலில் 'ஃப்ரீ இஷ்யூ' என்று ஒன்று உண்டு, கடைக்காரர் 12 எடுத்தால் அதே சாமானில் 1 மேலதிகமாகக் கொடுப்பது. அது எங்கள் இருப்பிலிருந்து குறையும். குடை, மக், கலண்டர் கொடுப்பது வேறு, அது மார்க்கெட்டிங்கிலிருந்து வரும், பிஸ்கட் இருப்பைத் தொடாது. உங்கள் மெனேஜர் எதைச் சொல்கிறார்?

மழைக்குடை

கேட்டேன் அண்ணா. இரண்டும்தான். சில கடைகளுக்கு 12-க்கு 1, சில கடைகளுக்குக் குடை. அதோடு 'ஈச் அண்ட் எவ்ரி கடைக்கும்' என்பதும் சரியில்லை. மழையால் லொறி போகாத சில கடைகளுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

பழைய புரூஃப்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் பிள்ளை. 'ஈச் அண்ட் எவ்ரி' போன்ற சோடி வரும்போது இலக்கணத்துக்கு முன்னால் உண்மையைத்தான் பார்க்க வேண்டும். அவ்வளவு அழுத்திச் சொல்கிறவர் எண்ணிப் பார்த்துச் சொல்கிறாரா? எண்ணியிருந்தால் எண்ணையே எழுதலாம்.

'ஃப்ரீ கிஃப்ட்'டுக்கு என் எதிர்ச்சொல் சோதனையும் உதவாது. காசு கொடுத்து வாங்கும் கிஃப்ட் வவுச்சர் இருக்கும் ஊரில், 'ஃப்ரீ' என்பதற்கு வேலை இருக்கிறது என்று ஒருவர் வாதாடலாம். கடை விளம்பரப் பலகையில் அந்தச் சோடி நின்றால் நான் கை வைக்கமாட்டேன், வாங்குகிறவரின் கண்ணை இழுக்கத்தான் அது அங்கே நிற்கிறது. மெனேஜரின் அப்டேட்டில் அந்த வேலை கிடையாது. அங்கே எத்தனை கேஸ் இருப்பிலிருந்து போனது, எத்தனை குடை போனது என்பதுதான் வேண்டும்.

தமிழ் ரீச்சர்

இந்த உரையாடலை ஆர்வமாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய வருத்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பாடசாலைச் சுற்றறிக்கையிலேயே 'மீண்டும் திரும்ப', 'இலவச அன்பளிப்பு', 'நடு மையம்' எல்லாம் வருகின்றன. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் இருக்கின்றன.

ஆனால் அதே நன்னூல் ஒருபொருட் பன்மொழியை ஏற்றும் கொள்கிறது. 'உயர்ந்தோங்கு பெருமலை' என்றால் உயர்தலும் ஓங்குதலும் ஒன்றுதான், இருந்தாலும் அந்த மலைக்கு அது சிறப்பு. எல்லா இரட்டையையும் குற்றம் என்று வெட்டிக்கொண்டு போனால் மொழி வறண்டுவிடும். மெனேஜர் பேசும்போது 'ஈச் அண்ட் எவ்ரி' என்று மேசையைத் தட்டிச் சொன்னால் அதில் ஓர் அழுத்தம் இருக்கத்தானே செய்கிறது?

பழைய புரூஃப்

ரீச்சர், பேச்சில் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அப்டேட்டை வாசிப்பவர் மேசை தட்டுவதைக் கேட்பதில்லை, அடுத்த வாரம் எவ்வளவு சாமான் அனுப்புவது என்று தீர்மானிக்கத்தான் வாசிக்கிறார். எங்கே சிறப்பு, எங்கே மிகை என்பதை நன்னூலும் இடம் பார்த்துத்தான் பிரிக்கிறது என்று நினைக்கிறேன்.

தமிழ் ரீச்சர்

இடம் பார்த்து என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அப்டேட்டில் ஒரு மனிதரின் குரலே இருக்கக்கூடாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆட்களைப் பாராட்டும் பந்தியில் அவர் இரண்டு சொல் கூடச் சொன்னால் விட்டுவிடுங்கள் பிள்ளை.

சட்டக் கந்தோர்

ஒரு எச்சரிக்கை மட்டும். அப்டேட்டில் ஒப்பந்தத்திலிருந்து எடுத்த வரி இருந்தால் அதைத் தொடாதீர்கள். 'நல் அண்ட் வொயிட்', 'டேர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்' போன்றவை பார்க்க இரட்டை மாதிரித்தான் இருக்கும். சட்டத்தில் நெடுங்காலமாகச் சேர்ந்தே வருபவை. 1066-க்குப் பிறகு இங்கிலாந்தின் சட்டத்தில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் புழங்கியதால், ஒரே பொருளுக்கு இரண்டு சொல் வைத்து எழுதும் வழக்கம் வலுத்தது. இப்போது அவற்றில் பல தேவையில்லை என்று நாங்களும் பேசிக்கொள்வோம், ஆனால் மேற்கோளாக வந்த வரியை மாற்ற உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

எக்ஸெல் தம்பி

சரி, நான் ஒரு கேள்வி கேட்கிறேன். 'ஜி.ஆர்.என். நோட்', 'என்.ஐ.சி. கார்ட்' என்று எல்லோரும் எழுதுகிறோம். அந்த என் என்பதே நோட்தான், சி என்பதே கார்ட்தான். ரூபாயை எழுதும்போதும் முன்னால் ரூ., பின்னால் /=, அதற்கும் பின்னால் ரூபாய் என்று மூன்று தடவை வருகிறது. இதையெல்லாம் வெட்டவா?

பழைய புரூஃப்

ரூபாயை ஒரு தடவை எழுதினால் போதும், முன்னால் ரூ. இருக்கட்டும். லண்டனுக்குப் போகும் தாளில் எந்த நாட்டு ரூபாய் என்பதை முதல் தடவை மட்டும் சொல்லிவிடுங்கள். 'ஜி.ஆர்.என். நோட்' என்பதில் நோட்டை எடுத்துவிடுவேன். 'என்.ஐ.சி. கார்ட்' வாடிக்கையாளருக்குப் போகும் தாளில் வந்தால் விட்டுவிடுவேன், அவருக்கு அட்டை என்றுதான் மனதில் நிற்கிறது. இதில் ஒருவருக்கும் குழப்பம் வராது.

குழப்பம் வரக்கூடியது 'ரிவர்ட் பேக்'. உங்கள் பந்தியின் கடைசி வசனத்தைத் திரும்பப் பாருங்கள். 'விலை பற்றி சப்ளையர் ரிவர்ட் பேக் செய்த பிறகு'. இங்கே ஒஃபிஸ்களில் ரிவர்ட் என்றால் பதில் சொல்வது. லண்டனில் அந்தச் சொல் முதலில் தருவது பழைய நிலைக்குத் திரும்புவதை. விலை பற்றிய வசனத்தில் அது வந்தால், சப்ளையர் பழைய விலைக்கு இறங்கப் போகிறார் என்று அவர்கள் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. 'பேக்'கை வெட்டினாலும் அந்த ஆபத்துப் போகாது. 'ரிவர்ட்' என்பதையே எடுத்துவிட்டு 'ரிப்ளை' என்று எழுதுங்கள்.

சட்டக் கந்தோர்

இதில் நான் உங்களோடு முழுக்க இல்லை. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் எங்களோடு கடிதம் எழுதுகிற எல்லோரும் 'ரிவர்ட்' என்பதைப் பதில் என்ற பொருளில்தான் எழுதுகிறார்கள். லண்டனில் இருப்பவர்களும் நம்மோடு பழகிப் பழகி விளங்கிக்கொள்வார்கள். நம் ஆங்கிலத்தை நாமே ஏன் பிழை என்று ஒதுக்க வேண்டும்?

பழைய புரூஃப்

நான் பிழை என்று சொல்லவில்லை. விலை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு பொருள் தருகிறது என்கிறேன். 'உங்கள் ஈமெயிலுக்கு நாளை ரிவர்ட் செய்கிறேன்' என்றால் நான் திருத்தாமல் விட்டுவிடுவேன்.

மழைக்குடை

எல்லோருக்கும் மிக்க நன்றி. உங்கள் கருத்துகளை வைத்துத் திருத்திய பந்தி இது, தமிழில் தருகிறேன்:

"புறக்கோட்டைக் கடைகள் இந்த வாரம் 30 கேஸ் பிஸ்கட்டை எங்கள் ஸ்டோர்ஸுக்குத் திருப்பின, பெட்டிகள் மழையில் நனைந்திருந்ததால். அவற்றில் 12 கேஸைச் சப்ளையருக்கு அனுப்பிவிட்டோம், 18 ஸ்டோர்ஸில் இருக்கின்றன. லொறி போன கடைகளுக்கு 12-க்கு 1 ஃப்ரீ இஷ்யூ அல்லது குடை கொடுத்தோம். ஃப்ரீ இஷ்யூவாகப் போனது 9 கேஸ். அடுத்த மாதம் இதை மூன்றாவது தடவை செய்யத் திட்டமிடுகிறோம். விலை பற்றி சப்ளையர் பதில் தந்ததும் முடிவைச் சொல்கிறோம்."

மெனேஜரிடம் காட்டினேன். 42 எப்படி 30 ஆனது என்று இரண்டு துண்டுகளையும் வைத்து விளக்கியபோது உடனே ஒத்துக்கொண்டார். குடை பற்றிய வரியை மட்டும் வேண்டாம் என்று எடுத்துவிட்டார், அது மார்க்கெட்டிங்காரர் தங்கள் அப்டேட்டில் எழுதுவார்களாம். 'ரிவர்ட்' விஷயத்தில் அவருக்கு மனமில்லை. தலைமையகத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்கிறார். இந்தத் தடவை 'ரிப்ளை' என்று போக விட்டார், அடுத்த வாரம் என்ன செய்வார் என்று தெரியாது.

ஸ்டோர்ஸ்காரன்

'நனைந்திருந்ததால்' என்பதோடு எங்கே நனைந்தது என்பதும் வேண்டும் தங்கச்சி. லொறியிலா, கடை வாசலிலா? லொறியில் என்றால் நட்டம் உங்களுடையது, கொட்டாஞ்சேனை அக்கா சொன்ன சண்டை வரும். அதோடு அடுத்த வாரத்திலிருந்து வார்ப்புருவிலேயே இரண்டு நிரல் போட்டுவிடுங்கள், ஒன்று கடையிலிருந்து வந்தது, மற்றது சப்ளையருக்குப் போனது. அப்போது மெனேஜர் எந்தச் சொல் எழுதினாலும் இரண்டு எண்ணும் தனித்தனியே நிற்கும்.

மழைக்குடை

டிரைவரிடம் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன் அண்ணா. இரண்டு நிரலை இன்றைக்கே போட்டுவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனை அக்கா

கடை வாசலில் நனைந்தது என்று டிரைவர் சொல்வார் பிள்ளை. கடைக்காரரிடமும் கேளுங்கள்.